காலி என்று காட்டும் நேரம் காலிதானா?

காலை ஆறரை மணி சுமாருக்கு மின்னஞ்சலில் ஒரு செய்தி வருகிறது. ஐந்தாறு வரிகள்தான். இன்றைக்கு உங்கள் கையில் இவ்வளவு நேரம் இருக்கிறது, முக்கியமான மூன்று வேலைகளில் இதைப் பதினொரு மணிக்கும் அதை நாலு மணிக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று அது சொல்கிறது. எழுதி அனுப்ப உதவியாளர் யாரும் இல்லை. உங்கள் கூகுள் காலண்டரைப் படித்துக் கூட்டிக் கழிக்கும் ஒரு சிறிய நிரல்தான் அதைச் செய்கிறது. நிரல் எழுதத் தெரிந்த நண்பர் ஒருவர் இருந்தால் ஒரு மாலைப் பொழுதில் அமைத்துவிடலாம்.

அதில் இருக்கும் கணக்கு பள்ளிக்கூடக் கணக்குதான். நாளின் மொத்த நேரத்திலிருந்து மீட்டிங்குகளைக் கழித்தால் மிச்சம் இருப்பது ஓய்வு. ஆனால் இதை அமைத்துப் பார்த்தவர்களில் பலர் ஒரு வாரத்துக்குப் பிறகு அந்த மின்னஞ்சலைத் திறப்பதே இல்லை. கழித்தல் பிசகுவதால் அப்படி ஆவதில்லை. எதைக் கழிப்பது என்பதில்தான் பிசகுகிறது. காலண்டர் காலி என்று காட்டும் நேரத்தில் பாதி உண்மையில் காலியாக இருப்பதில்லை. நிறைந்தது என்று காட்டுவதிலும் சில நேரம் காலிதான்.

ஒரு நாளை எடுத்துக்கொண்டு பார்த்தால் விளங்கும். மதுரை சிம்மக்கல்லில் அலுவலகம் வைத்திருக்கும் ஓர் ஆடிட்டர் என்று வைத்துக்கொள்வோம். தேதி 18, வியாழக்கிழமை. மாதாமாதம் தாக்கல் செய்பவர்கள் ஜி.எஸ்.டி.ஆர்-3பி ரிட்டர்னை 20ஆம் தேதிக்குள் போட்டாக வேண்டும் என்பதால் அவர் தொழிலில் இது நெருக்கடியான வாரம். காலை 9.30 முதல் மாலை 6.30 வரை அலுவலகத்தில் இருப்பார்.

அவருடைய காலண்டரில் அன்றைக்கு ஆறு பதிவுகள். 10 முதல் 11 வரை கட்சிக்காரர் ஒருவருடன் மீட்டிங். அதற்கு நடுவிலேயே 10.15 முதல் 10.30 வரை அலுவலகப் பையனுக்கான ஃபோன் நினைவூட்டல். மதியம் 12.30 முதல் 1.15 வரை கே.கே. நகரில் வங்கி வேலை. 3 முதல் 4 வரை வீடியோ மீட்டிங். 5 முதல் 5.30 வரை வர முடியாது என்று அவர் ஏற்கெனவே பதில் அனுப்பிவிட்ட ஒரு கூட்டம். கடைசியாக, நாள் முழுவதும் நீளும் ஒரு பதிவு: அக்கா மகன் பிறந்தநாள்.

முதல் கோளாறு அந்தப் பிறந்தநாளில்தான் வரும். நாள் முழுவதற்குமான பதிவு நிரலின் கண்ணுக்கு நள்ளிரவிலிருந்து மறு நள்ளிரவு வரை நீளும் ஒரு மீட்டிங். அதையும் சேர்த்துக் கழித்தால் விடை பூஜ்யம். “இன்று ஓய்வு நேரமே இல்லை” என்று செய்தி வந்தால், பத்துக்கு ஒன்பது முறை காரணம் ஒரு பிறந்தநாளோ பண்டிகையோதான். ஆனால் நாள் முழுவதற்குமான பதிவுகளையெல்லாம் ஒட்டுமொத்தமாகத் தள்ளிவிடுவதும் சரியில்லை. “திருச்சியில் கல்யாணம், லீவு” என்பதும் அதே வகைப் பதிவுதானே.

இதற்கான வழி காலண்டருக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் ‘பிஸி’ அல்லது ‘ஃப்ரீ’ என்று ஓர் அடையாளம் உண்டு. காலண்டர்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொள்ள 1998இல் வகுக்கப்பட்ட ஐகாலண்டர் தரத்திலேயே அந்த அடையாளம் இருந்தது. கூகுள் காலண்டரில் நேரம் குறித்துப் போடும் பதிவு தானாகவே பிஸி ஆகும், நாள் முழுவதற்குமான பதிவு தானாகவே ஃப்ரீ ஆகும். பெரும்பாலானவர்கள் அந்தப் பெட்டியைத் தொட்டதே இருக்காது. நிரல் அந்த அடையாளத்தைப் பார்த்து முடிவெடுக்கட்டும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே: உண்மையான லீவு போடும்போது அதை பிஸி என்று மாற்றிவிடுவது.

வர முடியாது என்று சொல்லிவிட்ட கூட்டம் இதற்கு நேர்மாறு. மறுத்த பிறகும் அந்தப் பதிவு உங்கள் காலண்டரில் உட்கார்ந்திருக்கும். நிரல் கேட்டால் அதையும் எடுத்துக் கொடுக்கும். ‘இந்த அழைப்புக்கு நான் என்ன பதில் சொன்னேன்’ என்று ஒரு கேள்வி கேட்டு, இல்லை என்று இருந்தால் விட்டுவிட வேண்டும். இந்த ஒரு வரி இல்லாததால் நம் ஆடிட்டரின் மாலை வேளை நடுவில் இரண்டாக உடைந்துபோகும்.

இப்போது கழித்தலுக்கு வருவோம். பதிவுகளைத் தொடங்கும் நேரப்படி வரிசையாக வைத்துக்கொண்டு, நாளின் தொடக்கத்தில் ஒரு விரலை வையுங்கள். அடுத்த பதிவு விரலுக்கு அப்பால் தொடங்கினால், நடுவில் இருப்பது இடைவெளி. குறித்துக்கொண்டு, விரலை அந்தப் பதிவின் முடிவுக்கு நகர்த்துங்கள். இப்படியே நாள் முடியும் வரை. நிரலில் இது சில வரிகள்தான்:

```
let finger = dayStart;
for (const b of busy) {
  if (b.start > finger)
    gaps.push([finger, b.start]);
  if (b.end > finger)
    finger = b.end;
}
if (dayEnd > finger) gaps.push([finger, dayEnd]);
```

இதில் நடுவில் இருக்கும் `if (b.end > finger)` என்ற சோதனைதான் உயிர். விரல் முன்னால் மட்டுமே போகலாம், பின்வாங்கக் கூடாது என்பதற்கான காவல் அது. அது இல்லாவிட்டால் என்ன ஆகும்? பத்து மணி மீட்டிங்கைப் பார்த்ததும் விரல் 11க்குப் போகும். அடுத்து வருவது 10.15 ஃபோன். அதன் முடிவு 10.30 என்பதால் விரல் பின்னால் வந்து 10.30இல் நிற்கும். கட்சிக்காரர் எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது, “10.30 முதல் உங்களுக்கு இரண்டு மணி நேரம் ஓய்வு” என்று செய்தி வரும். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் பதிவுகள் எல்லா நாளும் வராது என்பதால் இந்தப் பிழை வாரக்கணக்கில் ஒளிந்திருக்கும். நிரலைச் சோதிக்க, வேண்டுமென்றே ஒரு மீட்டிங்குக்குள் இன்னொன்றைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

எல்லாம் சரியாக நடந்தால் நம் ஆடிட்டருக்குக் கிடைப்பது நான்கு இடைவெளிகள்: 9.30 முதல் 10 வரை, 11 முதல் 12.30 வரை, 1.15 முதல் 3 வரை, 4 முதல் 6.30 வரை. மொத்தம் 6 மணி 15 நிமிடம். ஒன்பது மணி நேர நாளில் ஆறேகால் மணி காலி! இதைப் படித்தால் அவர் சிரிப்பார்.

ஏனென்றால் கே.கே. நகர் போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம். காலண்டரில் வங்கியில் இருக்கும் நேரம் மட்டும்தான் இருக்கிறது, வண்டியில் இருக்கும் நேரம் இல்லை. பதிவில் இடம் என்ற கட்டம் நிரப்பப்பட்டிருந்தால் முன்னும் பின்னும் இருபது நிமிடம் சேர்த்துக்கொள் என்று ஒரு விதி வேண்டும். தூரத்தைத் துல்லியமாகக் கணக்கிடும் வழிகளும் உண்டு. ஆனால் ஒரே ஊருக்குள் சுற்றுபவருக்கு ஒரு நிலையான எண்ணே போதும் என்பது என் எண்ணம். அடுத்து, சாப்பாடு. அதை யாரும் காலண்டரில் எழுதுவதில்லை. வங்கியிலிருந்து திரும்பிய 1.35 முதல் 2.15 வரை அதற்கு. பிறகு, ஒவ்வொரு மீட்டிங்குக்குப் பின்னும் பத்து நிமிடம். பேசியதைக் குறித்துக்கொள்ள, தண்ணீர் குடிக்க, கிளம்பியவர் வாசலில் நின்றபடி கேட்கும் “இன்னொரு சின்ன விஷயம் மேடம்” என்பதற்குப் பதில் சொல்ல.

கடைசியாக ஒன்று. மாலை 5.30க்கு மேல் உள்ள ஒரு மணி நேரத்தை நிரல் தொடவே கூடாது என்று சொல்லிவைக்க வேண்டும். முன்பின் சொல்லாமல் வருகிறவர்களுக்கும் நீண்டுபோகும் வேலைகளுக்கும் அது. இந்த ஒரு மணியை விட்டுவைக்காத திட்டம் நாலு மணிக்கெல்லாம் சரிந்துவிடும். ஒருமுறை சரிந்த பிறகு மறுநாள் காலை அந்தச் செய்திக்கு மதிப்பு இருக்காது.

இத்தனையும் செதுக்கிய பிறகு மிஞ்சுவது: 9.30–10 அரை மணி, 11.10–12.10 ஒரு மணி, 2.15–3 முக்கால் மணி, 4.10–5.30 எண்பது நிமிடம். கூட்டினால் 3 மணி 35 நிமிடம். ஆறேகாலில் கிட்டத்தட்ட பாதி போய்விட்டது. போனது ஒவ்வொன்றும் ஏதோ ஒன்றுக்கு ஏற்கெனவே செலவாகிக்கொண்டிருந்த நேரம்தான்.

இனி வேலைகள். இவை காலண்டரில் இருக்காது. ஒரு கூகுள் ஷீட்டில் மூன்று பத்திகள் போதும்: வேலை, எத்தனை நிமிடம், கெடு. முதல் நாள் மாலை அவர் இப்படி எழுதியிருக்கிறார்: கட்டண பில்கள் அனுப்ப 25 நிமிடம். வருமான வரி நோட்டீஸ் ஒன்றுக்குப் பதில் வரைவு, 40 நிமிடம், திங்கட்கிழமைக்குள். ஓர் அரிசி ஆலையின் 3பி ரிட்டர்ன், கொள்முதல் வரவை ஜி.எஸ்.டி.ஆர்-2பியுடன் ஒப்பிடுவது உட்பட 50 நிமிடம், சனிக்கிழமை 20க்குள்.

இந்த நிமிடக் கணக்கை நம்பலாமா? நம்பக் கூடாது. நம்முடைய வேலைக்கு ஆகும் நேரத்தை நாமே குறைத்து மதிப்பிடுவோம் என்பதை டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதினார்கள். 1994இல் ரோஜர் ப்யூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் மூவரும் வெளியிட்ட ஆய்வில், கனடா மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்றார்கள். ஆனது 55 நாளுக்கு மேல். அதாவது சொன்னதைப் போல ஒன்றரை மடங்குக்கும் அதிகம். வியப்பு என்னவென்றால், முன்பு தாமதமானது நினைவில் இருந்தும் அடுத்த முறையும் குறைத்தே சொல்கிறோம். அதனால் இந்தத் திருத்தத்தை மனிதரிடம் விடாமல் நிரலிடம் விடுவது நல்லது. எழுதிய நிமிடத்தை ஒன்றரையால் பெருக்கிக்கொள். அப்போது பில்கள் 38, நோட்டீஸ் 60, ரிட்டர்ன் 75. ஒரு மாதம் உண்மையில் ஆன நேரத்தை நாலாவது பத்தியில் குறித்துவந்தால் உங்களுக்குரிய பெருக்கெண் தெரிந்துவிடும். சிலருக்கு அது இரண்டு.

மூன்று வேலையும் சேர்ந்து 173 நிமிடம், கையில் இருப்பது 215. தாராளமாக இடம் இருக்கிறது என்றுதான் தோன்றும். ஷீட்டில் எழுதிய வரிசையிலேயே, ஒவ்வொன்றையும் அது அடங்கும் முதல் இடைவெளியில் போட்டுப் பாருங்கள். பில்களுக்கு 38 நிமிடம் வேண்டும். காலை அரை மணியில் அடங்காது. எனவே 11.10க்குப் போகிறது. அந்த ஒரு மணி நேரத்தில் மிச்சம் 22 நிமிடம். நோட்டீஸ் அதில் அடங்காது, முக்கால் மணியிலும் அடங்காது, 4.10க்குப் போகிறது. அங்கே மிச்சம் 20 நிமிடம். இரண்டே நாளில் கெடு முடியும் ரிட்டர்னுக்கு 75 நிமிட இடம் எங்குமே இல்லை! நேரம் இருக்கிறது, ஆனால் துண்டு துண்டாக இருக்கிறது.

இதையே திருப்பிப் போடுங்கள். கெடு நெருங்கியதை முதலில் எடுத்து, ஒவ்வொரு வேலைக்கும் அது அடங்கும் இடைவெளிகளில் சின்னதைத் தேடுங்கள். ரிட்டர்ன் எண்பது நிமிடத்தில் உட்காரும், நோட்டீஸ் அறுபதில் கச்சிதமாகப் பொருந்தும், பில்கள் முக்கால் மணியில். மூன்றுக்கும் இடம் கிடைத்துவிட்டது. கணினித் துறையில் இதைப் பெட்டிகளை நிரப்பும் கணக்கு, ‘பின் பேக்கிங்’ என்பார்கள். பொருட்கள் பெருகப் பெருக மிகச் சிறந்த விடையைக் கண்டுபிடிப்பது கணினிக்கே பெரும் பாடு. ஆனால் மூன்று வேலை என்றால் மொத்தமே ஆறு வரிசைகள்தான், ஆறையும் போட்டுப் பார்த்துவிடலாம். பத்து வேலை என்றால் 36 லட்சத்துக்கு மேல். முக்கியமான வேலை மூன்றுக்கு மேல் வேண்டாம் என்பதற்குக் கணக்கும் ஒரு காரணம் சொல்கிறது. பத்து வேலைகளும் முக்கியம் என்பவருக்கு எந்தச் செய்தியும் உதவாது என்பது இன்னொரு காரணம்.

ஆக, வியாழக்கிழமை காலை ஆடிட்டருக்கு வரும் செய்தி இப்படி இருக்கும்:

வியாழன், 18. இன்று கையில் 3 மணி 35 நிமிடம்.
காலை 11.10: நோட்டீஸுக்குப் பதில் வரைவு, 60 நிமிடம்.
பிற்பகல் 2.15: கட்டண பில்கள், 38 நிமிடம்.
மாலை 4.10: அரிசி ஆலை 3பி ரிட்டர்ன், 75 நிமிடம். கெடு சனிக்கிழமை.
5.30க்கு மேல் எதுவும் வைக்கவில்லை.

வெறும் வேலைப் பட்டியலை அனுப்பினால் போதாதா, நேரம் எதற்கு? இதற்கு ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸரின் ஆய்வு ஒன்று பதில் சொல்கிறது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் மாணவர்களிடம் ஓர் அறிக்கை எழுதி அனுப்பும்படி கேட்டார்கள். எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதுவேன் என்று முன்கூட்டியே குறித்துக் கொடுத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சொன்ன காலத்துக்குள் அனுப்பினார்கள். குறிக்காதவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே அனுப்பினார்கள். 1997இல் வெளியான முடிவு இது.

இதைக் கேட்டதும் சிலர் அடுத்த படிக்குப் போகிறார்கள். யோசனை சொல்வானேன், நிரலே அந்த நேரங்களைக் காலண்டரில் பதிவு செய்துவிடட்டுமே என்று. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு காரணம், அதே நாளுக்கு மறுபடி ஓடினால் நிரல் தானே போட்ட பதிவுகளை மீட்டிங் என்று எண்ணிக் கழிக்கத் தொடங்கும். இன்னொரு காரணம் பெரியது. வியாழக்கிழமை ராகு காலம் 1.30 முதல் 3 வரை. பில்களுக்கு நிரல் ஒதுக்கியது 2.15. பணம் கேட்டு அனுப்பும் கடிதத்தை ராகு காலத்தில் அனுப்ப நம் ஆடிட்டருக்கு மனம் வராமல் இருக்கலாம். அவர் கவலைப்படாவிட்டாலும், “ராகு காலம் முடியட்டும் மேடம், அப்புறம் கையெழுத்துப் போடுறேன்” என்னும் கட்சிக்காரர்கள் உண்டு. அந்த ஒன்றரை மணியை அடைத்துவிடு என்று நிரலுக்கு விதி எழுதலாம்தான். எழுதினால் பில்களுக்கு இடமில்லாமல் போகும். மனிதராக இருந்தால் 2.15க்குப் பில்களைத் தயார் செய்து வைத்துவிட்டு, 3 மணி மீட்டிங் முடிந்து அனுப்பும் பொத்தானை அழுத்துவார். இந்தச் சமாளிப்பை எந்த விதியாலும் எழுதி முடியாது. அதனால்தான் செய்தி யோசனையோடு நின்றுகொள்ளட்டும் என்கிறேன்.

அமைக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். கூகுள் கணக்கு இருந்தால் script.google.com என்ற தளத்தில் கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் இலவசமாகக் கிடைக்கிறது. நிரல் உங்கள் கணக்குக்குள்ளேயே ஓடும். கணினி அணைந்திருந்தாலும் ஓடும். தினமும் ஓட ‘ட்ரிகர்’ ஒன்று வைக்க வேண்டும். அதில் 6 மணி என்று துல்லியமாகக் கேட்க முடியாது. 6க்கும் 7க்கும் நடுவில் என்றுதான் தேர்ந்தெடுக்கலாம். எந்த நிமிடம் என்பதைக் கூகுள் முடிவு செய்யும். ஏழு மணிக்கு மேல் யாராவது புதிதாக அழைப்பு அனுப்பினால் அது செய்தியில் இருக்காது. விடிகாலையில் எடுத்த படம் அது, அவ்வளவுதான்.

அடிக்கடி கண்ணாமூச்சி ஆடுவது நேர மண்டலம். ஸ்கிரிப்டுக்குத் தனியாக ஒரு நேர மண்டலம் உண்டு. அது `Asia/Kolkata` என்று இருக்க வேண்டும். வேறெங்கோ எழுதிய நிரலை அப்படியே நகல் எடுத்து அதில் `America/New_York` என்று இருந்துவிட்டால், காலை ஆறு மணிச் செய்தி கோடைக் காலத்தில் நமக்கு மாலை மூன்றரைக்கு வரும். பத்து மணி மீட்டிங் செய்தியில் 4.30 என்று தெரிந்தால், உலகப் பொது நேரத்துக்கும் நமக்கும் உள்ள ஐந்தரை மணி வித்தியாசம் எங்கோ விட்டுப்போயிருக்கிறது என்று பொருள்.

நீங்களே எழுதாமல் வேறொருவரின் செயலியை நாடினால், அது என்ன அனுமதி கேட்கிறது என்று பாருங்கள். இடைவெளி கண்டுபிடிக்க பிஸியா ஃப்ரீயா என்ற தகவலே பெரும்பாலும் போதும், அதை மட்டும் தரும் அனுமதி வகையும் கூகுளில் இருக்கிறது. கட்சிக்காரர்களின் பெயரும் நோட்டீஸ் விவரமும் தலைப்பில் இருக்கும் காலண்டரை முழுவதுமாகத் திறந்துவிடத் தேவையில்லை.

நான் பார்த்த அமைப்புகளில் பெரும்பாலும் விட்டுப்போவது ஒரு வரி: நாளையைப் பற்றியது. 19ஆம் தேதி வெள்ளிக்கிழமை நம் ஆடிட்டருக்கு ஊருக்கு வெளியே ஓர் ஆலையில் நாள் முழுக்கத் தணிக்கை என்று வைத்துக்கொள்வோம். அங்கே மிகப் பெரிய இடைவெளி 40 நிமிடம். 3பி ரிட்டர்ன் வியாழன் மாலை முடியாவிட்டால் வெள்ளிக்கிழமை அதற்கு இடமில்லை, நேராகக் கடைசி நாளில்தான் போய் விழும். இந்தக் கணக்குக்குப் புதிதாக எதுவும் எழுத வேண்டாம். அதே விரலை அடுத்த நாள் காலண்டரின் மேலும் ஓட்டினால் போதும். “நாளை மிகப் பெரிய இடைவெளி 40 நிமிடம், 3பிக்கு நாளை இடமில்லை” என்று செய்தியின் கடைசியில் ஒரு வரி சேரும்.

அந்த வரியைக் காலையிலேயே படித்தால், 9.30க்கு எந்த வேலையும் அடங்காமல் சும்மா கிடந்த அரை மணிக்கும் ஒரு பயன் வந்துவிடும். ஆலைக்கு ஃபோன் போட்டு, வராமல் இருக்கும் கொள்முதல் பில்களை மாலை நாலு மணிக்குள் அனுப்பச் சொல்லிவிடலாம். 4.10க்கு உட்காரும்போது ஒப்பிடுவதற்கு எல்லாம் மேசையில் இருக்க வேண்டுமே.